மேட்சுக்கு முன் 12 நிமிடம்: தோளுக்கும் கணுக்காலுக்கும் என்ன செய்யலாம்?

உறையூர் டபுள்ஸ் | பிப்ரவரி 3, இரவு 9:40

வயது 41, வலது கை, ஷட்டிலில் டபுள்ஸ் மட்டும். வாரத்தில் நான்கு நாள் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஆட்டம். போன ஜூலையில் இடது கால் பிரண்டது. பின் மூலையில் தலையைச் சுற்றி அடித்துவிட்டு இறங்கும்போது பாதம் உள்பக்கம் மடங்கியது. மூன்று வாரம் சும்மா இருந்தேன், வீக்கம் வடிந்ததும் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை லேசாகப் பிரண்டிருக்கிறது.

தோள் வேறு கதை. முதல் பத்து நிமிடம் ஸ்மாஷ் அடிக்கும்போது முன்பக்கத்தில் சுருக்கென்று குத்தும். அப்புறம் மறந்துவிடும். மறுநாள் சட்டை மாட்டும்போது ஞாபகப்படுத்தும்.

மார்ச் 1ஆம் தேதி ஒரு வெட்டரன்ஸ் போட்டி. இதுவரை என் வார்ம்-அப் என்றால், கையை நாலு சுற்று, இடுப்பை நாலு சுற்று, குனிந்து கால்விரலைத் தொட்டு முப்பது எண்ணுவது, உடனே கோர்ட்டில் இறங்கி முழு நீளத்துக்கு கிளியர். மொத்தம் மூன்று நிமிடம். இனி 12 நிமிடம் ஒதுக்கத் தயார். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பேக்ஹேண்ட் பாவம் | பிப்ரவரி 3, இரவு 10:05

மூன்று நிமிடமா? எங்கள் ஹாலில் ஷட்டில் டப்பா யார் முறை என்று சண்டை போடுவதுதான் வார்ம்-அப். தோள் அதிலேயே சூடாகிவிடும்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு) | பிப்ரவரி 4, காலை 6:15

தம்பி, இதில் குழப்பமே இல்லை. ஹாலைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடுங்கள். சட்டை நனைந்தால் உடம்பு தயார். பிறகு ஒவ்வொரு தசையையும் ஒரு நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். 30 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்ய வைத்தேன்.

கால்கட்டு | பிப்ரவரி 4, பிற்பகல் 1:20

நான் பிசியோ. வாரத்துக்கு ஏழெட்டு ஷட்டில்காரர்கள் வருகிறார்கள், முக்கால்வாசிப் பேர் உங்கள் கதைதான். முதலில் ஓட வேண்டும் என்று மாஸ்டர் சார் சொல்வது சரி. ஆனால் திருச்சியில் பிப்ரவரி கடந்துவிட்டால் நின்றுகொண்டிருந்தாலே சட்டை நனையும். அதை வைத்து ஆடுசதையும் தோளும் தயார் என்று சொல்ல முடியாது. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேசினால் வாக்கியம் உடைய வேண்டும். அதுதான் அடையாளம்.

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அடுத்த கொஞ்ச நேரத்துக்கு அதன் வேகம் சற்றுக் குறையும். பதினைந்து, இருபது விநாடி என்றால் கெடுதல் இல்லை. ஆனால் கால் பிரளுவதை அது தடுக்காது.

உறையூர் சார், வார்ம்-அப் கேட்பதற்கு முன் வீட்டில் மூன்று விஷயம் அளந்து பாருங்கள். சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், தொட முடிகிற கடைசி இடத்தில் கட்டை விரலுக்கும் சுவருக்கும் இடைவெளி எத்தனை செ.மீ. என்று இரண்டு காலுக்கும் எழுதுங்கள். அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்கு எத்தனை முறை தூக்க முடிகிறது. மூன்றாவது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி. இந்தக் கணக்கு வரட்டும், அப்புறம் பேசுவோம்.

நெட்கார்ட் | பிப்ரவரி 4, மாலை 5:02

மேட்ச் முடிந்ததும் ஐஸ் வைத்துவிட்டு, ராத்திரி தைலம் தேய்த்துப் படுங்கள். எனக்கு இதுதான் கேட்டது.

பேக்ஹேண்ட் பாவம் | பிப்ரவரி 4, மாலை 5:10

அவர் மேட்சுக்கு முன்னால் என்று கேட்டார் அண்ணே.

நெட்கார்ட் | பிப்ரவரி 4, மாலை 5:31

முன்னாலும் தேய்க்கலாமே. சுறுசுறுவென்று இருக்கும்.

கால்கட்டு | பிப்ரவரி 4, இரவு 8:15

சுறுசுறுப்பு தோலில்தான் அண்ணா. உள்ளே தசைக்கு அந்தச் சூடு போவதில்லை. தோல் எரியும்போது வலி மறைந்துவிடும், தோள் குத்துவதே தெரியாமல் அடித்துவிடுவீர்கள். மேட்சுக்கு முன் நான் வேண்டாம் என்பேன்.

உறையூர் டபுள்ஸ் | பிப்ரவரி 5, இரவு 9:15

பையனுடைய ஸ்கேலை வைத்து அளந்தேன். சுவர் சோதனையில் வலது 11, இடது 6.5. குதிகால் தூக்குவதில் வலது 22. இடது 13இல் நடுங்கி நின்றுவிட்டது. கண்ணை மூடினால் வலது 25 விநாடி, இடது 8, அதுவும் பீரோவைப் பிடித்துத்தான் தப்பித்தேன். ஏழு மாதமாக இந்தக் காலோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே இன்றுதான் தெரிகிறது.

கால்கட்டு | பிப்ரவரி 6, காலை 7:00

சரி, இதுதான் விஷயம். இரண்டு காலுக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு செ.மீ. வித்தியாசம் என்றால் நான் கவனிக்க ஆரம்பிப்பேன். உங்களுக்கு நாலரை. கணுக்கால் முன்னால் மடங்க இடமில்லாதபோது, பின்பக்கம் இறங்குகிற வேகத்தை அந்த மூட்டு வாங்காது, பக்கவாட்டில் தள்ளிவிடும். வலது கைக்காரர் தலையைச் சுற்றி அடித்தால் காலை மாற்றி இடது காலில்தான் இறங்குவார். பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும், உள்பக்கம் சாயவும் தயாராக இருக்கும். வெளிக்கணுக்காலின் முன்னால் இருக்கும் தசைநார் கிழிவது இந்த நிலையில்தான். உங்கள் மூன்று பிரளலும் ஒரே கால் என்பதில் ஆச்சரியம் இல்லை.

இதை 12 நிமிட வார்ம்-அப் சரி செய்யாது. இதைச் சொல்லாமல் பயிற்சிகளை மட்டும் சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். குதிகால் தூக்குவதும் ஒற்றைக் கால் நிலையும் தினமும் வீட்டில் நடக்க வேண்டும். ஆறு வாரமாவது ஆகும். உங்களிடம் மூன்றரை இருக்கிறது.

மேட்ச் நாளுக்கு இதோ. முதல் மூன்று நிமிடம் கோர்ட் ஓரமாக மெதுவோட்டம், பக்கவாட்டில் போவது, பின்னோக்கிப் போவது. அடுத்த மூன்று நிமிடம் கணுக்கால். அதே சுவரில் முழங்காலை முன்னும் பின்னும் ஆட்டுவது பத்து முறை, இடது காலுக்கு இன்னும் பத்து. ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல் எட்டு, மேலே ஒரு விநாடி நிறுத்தி மெதுவாக இறக்க வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் சின்னக் குதி, முன்னால் மூன்று, பக்கவாட்டில் மூன்று. இறங்கியதும் இரண்டு விநாடி சிலை மாதிரி நிற்க வேண்டும். நிற்க முடியவில்லையென்றால் குதியின் தூரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

தோளுக்கு மூன்று நிமிடம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கை மடங்காமல் மார்பை உள்ளே விட்டு வெளியே தள்ளுங்கள், முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு மட்டும் நகர வேண்டும். பத்து முறை. பிறகு மெல்லிய ரப்பர் பட்டை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு, முழங்கை 90 டிகிரி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது 12 முறை, ஒரே செட். கடைசி மூன்று நிமிடம் ஷட்டில் இல்லாமல் நிழலாட்டம். ஆறு மூலைக்கும் போய் வாருங்கள், பின் இடது மூலைக்கு மட்டும் நான்கு முறை. முதல் இரண்டை மெதுவாக, இறங்கும் கால் எங்கே பார்க்கிறது என்று கவனித்துச் செய்யுங்கள். பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முன்பாதத்தில் இறங்கி, குதிகால் தரையைத் தொட்டு, அந்த உந்தலிலேயே முன்னால் வர வேண்டும்.

பேக்ஹேண்ட் பாவம் | பிப்ரவரி 6, காலை 7:40

சிலை மாதிரி நிற்பது எனக்கு நன்றாக வரும். எதிராளி டிராப் போடும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

குன்னூர் குளிர் | பிப்ரவரி 7, இரவு 11:20

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 38. டிசம்பர் காலை, ஹாலுக்குள்ளே பேசினால் புகை வரும். தாமதமாகப் போனேன், நான்காவது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நேராக ஆட்டம். ஐந்தாவது பாயின்டோ ஆறாவதோ, பின்னாலிருந்து முன்னால் பாய இடது காலை உந்தினேன். பார்ட்னர் ராக்கெட்டால் என் ஆடுசதையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திரும்பி அவனைத் திட்டப் போனேன். அவன் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

குதிகால் நார் முழுசாக அறுந்திருந்தது. ஆபரேஷன், அப்புறம் ஒன்பது மாதம். வார்ம்-அப் செய்திருந்தால் தப்பியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

கால்கட்டு | பிப்ரவரி 8, காலை 6:50

யாரோ அடித்த மாதிரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தப்பியிருக்குமா என்றால், சொல்ல முடியாது சார். முப்பதுகளின் கடைசியில் வாரக்கடைசி மட்டும் ஆடுகிறவர்களுக்கு அந்த நார் வருடக்கணக்கில் நைந்து வந்திருக்கும். குளிரில் நேராக இறங்கியது கடைசித் துரும்பாக இருந்திருக்கலாம். குன்னூரில் 12 நிமிடம் போதாது, முதல் மூன்று நிமிட ஓட்டத்தை ஆறாக்குங்கள். முழுக்கைச் சட்டையோடு ஆரம்பித்து, கோர்ட்டில் இறங்கும்போதுதான் கழற்ற வேண்டும்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு) | பிப்ரவரி 8, காலை 8:30

இவ்வளவு சோதனையும் ரப்பரும் இருந்தும் பி.வி. சிந்துவுக்கே 2022இல் காமன்வெல்த் தங்கம் வென்ற கையோடு கால் போனதே. அவர் வார்ம்-அப் செய்யாமலா ஆடினார்?

கால்கட்டு | பிப்ரவரி 8, மதியம் 12:45

நல்ல கேள்வி சார். அவருக்கு இடது காலில் வந்தது எலும்பில் நுண்ணிய விரிசல். தொடர்ந்து ஏறும் சுமையால் வருவது, ஒரே இறக்கத்தில் பிரளுவது அல்ல. அதனால் அந்த வருடம் உலக சாம்பியன்ஷிப்பை விட்டுக்கொடுத்தார். எவ்வளவு ஆடுகிறோம், எவ்வளவு ஓய்வு எடுக்கிறோம் என்பதுதான் அங்கே கணக்கு. 12 நிமிட வார்ம்-அப்பை அதற்குப் பொறுப்பாக்க முடியாது, அதை வைத்து வார்ம்-அப் வீண் என்று சொல்லவும் முடியாது.

உறையூர் டபுள்ஸ் | பிப்ரவரி 11, காலை 8:10

இன்று நானே ஒரு கோளாறு செய்தேன். ரப்பர் பட்டை நல்லது என்றால் தடித்த பட்டை இன்னும் நல்லது என்று நினைத்து, ஹாலில் இருந்த பச்சைப் பட்டையில் இருபது இருபதாக மூன்று செட். கோர்ட்டில் இறங்கினால் ஸ்மாஷ் கஞ்சி மாதிரி போகிறது. ஷட்டில் நெட்டுக்கு மேலே வந்து எதிராளி கையில் உட்காருகிறது. தோள் குத்தவில்லை, ஆனால் தோளே இல்லை.

கால்கட்டு | பிப்ரவரி 11, பிற்பகல் 1:00

ஒரு செட், மெல்லிய பட்டை என்று எழுதினேனே! கையின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற சின்னத் தசைகள் அவை. மேட்சுக்கு முன் அவற்றைத் தட்டி எழுப்பினால் போதும். பலப்படுத்துகிற வேலை ஆட்டம் இல்லாத நாளில். பன்னிரண்டாவது முறையும் முதல் முறை மாதிரியே இருக்க வேண்டும். தோளின் பின்பக்கம் எரிந்தால் அதிகமாகிவிட்டது.

உறையூர் டபுள்ஸ் | பிப்ரவரி 12, இரவு 9:50

மெல்லிய பட்டை இல்லை. தையல்காரரிடம் நீள எலாஸ்டிக் வாங்கிக் கதவுக் கைப்பிடியில் கட்டினேன். வேலை செய்கிறது. மனைவி கதவைத் திறக்கும்போது மட்டும் பிரச்சினை.

உறையூர் டபுள்ஸ் | பிப்ரவரி 20, காலை 9:00

இரண்டு வாரம் ஆகிறது. ஒன்று கவனித்தேன், சரியா தவறா என்று சொல்லுங்கள். நிழலாட்டத்தை விட்ட நாட்களில்தான் தோள் குத்துகிறது. பார்ட்னரை போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். ஆரம்பத்தில் கால் மந்தமாக இருக்கும்போது நான் ஷட்டிலுக்குப் பின்னால் போவதே இல்லை. அது என் தலைக்கு மேலே, சில சமயம் தலைக்குப் பின்னால் இருக்கும்போது முதுகை வளைத்து அடிக்கிறேன். முழங்கை காதுக்குக் கீழே கிடக்கிறது. பத்து நிமிடம் கழித்த வீடியோவில் ஷட்டில் முகத்துக்கு முன்னால் இருக்கிறது, குத்தும் இல்லை. இத்தனை நாள் தோள் சூடாகிவிட்டதால் வலி போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால்கட்டு | பிப்ரவரி 20, இரவு 8:30

பாதிக்கு மேல் சரி என்பேன். தோளும் சூடாகிறது, அதுவும் உண்மை. ஆனால் தாமதமாகப் போய்ப் பின்னால் அடிப்பதுதான் நான் பார்க்கிற தோள் வலிகளில் பெரும் பங்கு. கோர்ட்டில் ஷட்டில் அடிக்கும் வரிசையையும் மாற்றுங்கள். எல்லோரும் நேராகப் பின் கோட்டில் நின்று கிளியரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நெட் பக்கத்தில் ஒரு நிமிடம் தட்டுங்கள், நடுக்கோர்ட்டில் டிரைவ், பிறகு பாதி வேகத்தில் கிளியர், டிராப். கடைசியாக மூன்று நான்கு ஸ்மாஷ், முக்கால் வேகத்தில். முழு வேக ஸ்மாஷை மேட்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி வந்தாலோ, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டாலோ இங்கே எழுதாதீர்கள், நேரில் காட்டுங்கள்.

நெட்கார்ட் | பிப்ரவரி 21, காலை 7:20

கணுக்காலுக்கு உறை மாட்டலாமா? எங்கள் செட்டில் ஒருவர் மாட்டி மாட்டி, இப்போது அது இல்லாமல் ஆட முடியவில்லை.

கால்கட்டு | பிப்ரவரி 21, பிற்பகல் 2:10

ஏற்கெனவே பிரண்டவருக்குக் கயிறு கட்டுகிற வகை உறை மேட்சில் உதவும். உறையால் கால் பலவீனமாகிறது என்பதை நான் நம்பவில்லை. உறையை மாட்டிக்கொண்டு பயிற்சியை விட்டுவிடுவதால்தான் பலவீனமாகிறது. டேப் ஒட்டினால் ஆட்டத்தில் பதினைந்து இருபது நிமிடத்திலேயே தளர ஆரம்பிக்கும்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு) | பிப்ரவரி 21, மாலை 6:00

நான் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா. காலை வெறுமையாக விட்டால்தான் அது கற்றுக்கொள்ளும். ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு ஷட்டில் ஆடுகிறவர்களை முதலில் நிறுத்துங்கள். அந்த உயரக் குதிகால்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது.

கால்கட்டு | பிப்ரவரி 21, இரவு 9:05

ஷூ விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறேன் சார். உறை விஷயம் அப்படியே இருக்கட்டும்.

உறையூர் டபுள்ஸ் | மார்ச் 1, இரவு 10:30

போட்டி முடிந்தது. இரண்டாவது ரவுண்டில் வெளியே. விவரம் சொல்கிறேன், வார்ம்-அப் பற்றி நாம் பேசாத ஒன்று இதில் இருக்கிறது.

பத்தேகாலுக்கு மேட்ச் என்றார்கள். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஆரம்பித்து 12 நிமிடம் பிசகாமல் செய்தேன். பத்தேகால் ஆனது, பத்தேமுக்கால் ஆனது, முந்தைய வயதுப் பிரிவு இழுத்துக்கொண்டே போகிறது. கேலரியில் உட்கார்ந்து ஒரு வடையும் சாப்பிட்டாயிற்று. கோர்ட்டுக்குக் கூப்பிட்டபோது 11:50. செய்த வார்ம்-அப் மொத்தமும் வடையோடு போய்விட்டது. எழுந்தபோது இடது கணுக்கால் கட்டை மாதிரி இருந்தது.

நல்லவேளை, எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் மூன்றாவது கேமுக்குப் போனபோதே வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நிமிடம் பக்கவாட்டு ஓட்டம், சுவரில் இடது முழங்கால் பத்து, குதி நான்கு, எலாஸ்டிக் எட்டு. கோர்ட்டில் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எதிராளி நேராக ஸ்மாஷ் பழகினார். நான் நெட்டுக்குக் கூப்பிட்டேன், முறைத்தார், வந்தார்.

அந்த மேட்ச் ஜெயித்தோம். அடுத்ததில் மூன்றாவது கேம், 14-13. தலையைச் சுற்றி அடித்து இடது காலில் இறங்கினேன், மேட் இணைப்பில் டேப் தூக்கிக்கொண்டிருந்த இடம். கால் சாய்ந்தது. சாய்ந்து, நின்றது. உறை போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாஸ்டர் சார் கோபிக்க வேண்டாம். 21-17, 18-21, 21-16 என்று அவர்கள் ஜெயித்தார்கள்.

பேக்ஹேண்ட் பாவம் | மார்ச் 1, இரவு 10:52

வடைதான் தோல்விக்குக் காரணம் என்று தீர்ப்பளிக்கிறேன்.

கால்கட்டு | மார்ச் 2, காலை 7:05

உட்கார்ந்துவிட்டால் பதினைந்து, இருபது நிமிடத்தில் அந்தச் சூடு பெரும்பாலும் இறங்கிவிடும். சைக்கிள் ஸ்டாண்டில் செய்தது சரியான முடிவு. போட்டி நாளில் முழு 12 நிமிடத்தை ஒரு முறை செய்யுங்கள். அப்புறம் முந்தைய மேட்ச் இரண்டாவது கேம் பாதிக்கு வந்ததும் அந்த நாலு நிமிடச் சுருக்கம். நடுவில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. கோர்ட்டில் இறங்கியதும் மேட் இணைப்புகளைக் காலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிடுங்கள். பக்கத்துக் கோர்ட்டு ஷட்டில் உருண்டு வந்தால் ராலியை நிறுத்துங்கள். ஷட்டிலை மிதித்துப் பிரண்டு வருகிறவர்களும் எனக்கு உண்டு.

கால் நின்றதற்கு வார்ம்-அப்பா, உறையா, மூன்றரை வார வீட்டுப் பயிற்சியா, அதிர்ஷ்டமா என்று என்னால் பிரிக்க முடியாது.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு) | மார்ச் 2, காலை 8:00

பயிற்சிதான்.

உறையூர் டபுள்ஸ் | மார்ச் 9, இரவு 9:30

இன்று மறுபடி அளந்தேன். சுவரில் இடது 8.5. குதிகால் 17. கண்ணை மூடினால் 14 விநாடி, பீரோ தேவைப்படவில்லை. தோள், போட்டிக்குப் பிறகு இரண்டு நாள் வலித்தது, இப்போது இல்லை. சட்டை மாட்டும்போது மட்டும் இடது கையை முதலில் விடும் பழக்கம் போகவில்லை.

குன்னூர் குளிர் | மார்ச் 9, இரவு 10:10

நானும் அளந்தேன். ஆபரேஷன் செய்த காலில் குதிகால் தூக்கல் 9. இரண்டு வருடம் கழித்து! நாளையிலிருந்து படிக்கட்டில் ஆரம்பிக்கிறேன். மேடம், படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்குவது அறுந்து தைத்த காலுக்குச் சரியா, தரையிலேயே செய்யட்டுமா?

கால்கட்டு | மார்ச் 10, காலை 6:55

இப்போதைக்குத் தரையிலேயே, இரண்டு காலாலும் தூக்கி ஒற்றைக் காலால் இறக்குங்கள். தைத்த நார் நீண்டுவிட்டதா என்று பார்க்காமல் படி விளிம்பு வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அந்த 9ஐச் சொல்லுங்கள்.